கால்வாய் அடைப்பு, தெருவிளக்குப் பழுது: மாநகராட்சிக்கு மனு எழுதும் முறை

தெருவில் கழிவுநீர் தேங்கினாலோ விளக்கு எரியாமல் போனாலோ அதைச் சரிசெய்யும்படி உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதித் தருவது கோரிக்கை மனு ஆகும். 1866இல் நகராட்சியாகி 2014இல் மாநகராட்சியாக உயர்ந்த திண்டுக்கல்லில் இம்மனு மாநகராட்சி ஆணையர் பெயருக்கு எழுதப்படுகிறது. ஆணையரிடம் போனாலும், மனு கடைசியில் வந்து சேர்வது களத்தில் வேலை செய்யும் பணியாளர் கைக்குத்தான். அவர் யாரையும் கேட்காமல் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். "எங்கள் தெருவில் சாக்கடை நாறுகிறது, ஆவன செய்யவும்" என்ற மனுவில் இவ்விரண்டும் இல்லை.

யாருக்கு எழுதுவது?

ஊரின் விளிம்பில் இருப்பவர்கள் முதலில் தங்கள் வீட்டு வரி ரசீதைப் பார்க்க வேண்டும். வரி வாங்குவது மாநகராட்சியா, ஊராட்சியா என்பது அதில் தெரியும். வரி வாங்கும் அமைப்புக்கே மனுவும் போக வேண்டும். பெரிய சாலையோரக் கால்வாய்களில் சில நெடுஞ்சாலைத் துறைக்கு உரியவை. அங்கே மாநகராட்சிக்குக் கொடுத்த மனு "எங்களுக்குரியதல்ல" என்று திரும்பி வரலாம்.

அடைப்பு இருக்கும் இடம்

தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் வேறு, அடைப்பு இருக்கும் இடம் வேறு. மனு எழுதும் முன் கால்வாய் ஓரமாக, நீர் ஓடும் திசையில் நடந்து பார்க்க வேண்டும். ஓரிடம் வரை நீர் நிறைந்து நின்று, அதற்கு அப்பால் கால்வாய் காய்ந்தோ மெல்லியதாகக் கசிந்தோ இருந்தால், அவ்விரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு உள்ளது. பெரும்பாலும் அது வீட்டு வாசலில் வண்டி ஏற்றுவதற்காகப் போட்ட சிமெண்ட் சிலாப்பின் அடியில் இருக்கும். மேலே மூடியிருப்பதால் வழக்கமாகத் தூர்வாரும்போது அந்த இடம் மட்டும் விடுபட்டுப் போகும்.

கண்ட இடத்தை வார்டு எண், தெருப் பெயர், தெருவின் எந்தப் பக்கம், எந்தக் கதவு எண் முதல் எது வரை என்ற வரிசையில் எழுத வேண்டும். "பிள்ளையார் கோயில் அருகில்" என்பது மட்டும் போதாது; 48 வார்டுகளில் பிள்ளையார் கோயில்கள் பல உண்டு. சிலாப் போட்ட வீட்டுக்காரர் பெயரை எழுதத் தேவையில்லை. கதவு எண் போதும். பெயரை எழுதினால் கால்வாய்ப் பிரச்சினை அண்டை வீட்டுச் சண்டையாக மாறிவிடும்.

மாதிரி மனு

பெறுநர்: ஆணையர் அவர்கள், திண்டுக்கல் மாநகராட்சி.

பொருள்: (வார்டு எண், தெருப் பெயர்) கிழக்குப் பக்கக் கால்வாய், கதவு எண் 14 எதிரே அடைப்பு நீக்கக் கோருதல்.

ஐயா, வணக்கம். மேற்படி கால்வாய் வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. கதவு எண் 14 எதிரே உள்ள சிமெண்ட் சிலாப்பின் கீழ் மண் அடைத்துள்ளது. அதற்கு வடக்கே கதவு எண் 8 வரை, சுமார் 60 அடி நீளத்துக்குக் கழிவுநீர் தேங்கியுள்ளது. தெற்கே கால்வாய் காய்ந்துள்ளது. மூன்று வாரமாக இந்நிலை நீடிக்கிறது. எனவே, சிலாப்பை அகற்றி, கதவு எண் 8 முதல் 18 வரை தூர்வாரவும், அள்ளிய மண்ணை அன்றே அப்புறப்படுத்தவும், சிலாப்பை மீண்டும் திறக்கக்கூடிய சிறு துண்டுகளாக அமைக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இதன் கீழ் தேதி, கையொப்பங்கள், ஒருவரின் முகவரி, கைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். பகலில் எடுத்த ஒரு படத்தையும் இணைக்கலாம்.

இம்மனுவின் மூன்று கோரிக்கைகளுக்கும் காரணம் உண்டு. சிலாப்பைத் திறக்காமல் இருபுறமும் தூர்வாரினால் சில நாளில் மறுபடி அடைக்கும். அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த மழையில் அது கால்வாய்க்குள்ளேயே விழும். திண்டுக்கல்லுக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், செப்டம்பருக்குள் மனு கொடுப்பது நல்லது.

எதைக் கேட்கக் கூடாது?

அடைப்பு திறந்த கால்வாயில் இல்லாமல் பாதாளச் சாக்கடையில் இருந்தால், எந்த ஆள் இறங்கும் குழி பொங்குகிறது என்று எழுதி, இயந்திரம் மூலம் அடைப்பு நீக்கக் கோர வேண்டும். "ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவும்" என்று ஒருபோதும் எழுதக் கூடாது. பாதுகாப்பு ஏற்பாடின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணித் தடைச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. குழிக்குள் தேங்கும் நச்சுவாயு சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும். தெருவாசிகள் பணம் திரட்டித் தனியாக ஆள் பிடித்து இறக்குவதும் இதே குற்றம், இதே ஆபத்து.

தெருவிளக்கு மனு

தெருவிளக்குக்கு இடம் சொல்வது எளிது. மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்தால் போதும். எண் அழிந்திருந்தால் எதிரே உள்ள கதவு எண்ணை எழுதலாம். அடுத்து, பழுதின் வகையைச் சொல்ல வேண்டும். ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையென்றால் பழுது பெரும்பாலும் அந்த விளக்கிலோ அதன் இணைப்பிலோ இருக்கும். தெரு முழுவதும் எரியாமல் வீடுகளில் மட்டும் மின்சாரம் இருந்தால், தெருவிளக்குக்கான சுவிட்ச் பெட்டியையோ கம்பியையோ பார்க்க வேண்டும். பகலிலும் எரிந்தால் சுவிட்ச் பெட்டியில் கோளாறு.

விளக்கைப் பராமரிப்பது மாநகராட்சி. கம்பமும் மின்கம்பியும் மின்வாரியத்தின் பொறுப்பு. கம்பம் சாய்ந்திருந்தாலோ கம்பி தொங்கினாலோ மனு எழுதி நேரத்தைக் கடத்தாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987ஐ உடனே அழைக்க வேண்டும்.

மனு கொடுத்த பின்

மனுவை இரண்டு படிகளாக எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியுடன் அலுவலக முத்திரை பெற வேண்டும். அல்லது ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். இது இல்லாவிட்டால் மனு கொடுத்ததற்கே சான்று இருக்காது. முதல்வரின் உதவி மையத்திலும் 1100 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி 10 ரூபாய் கட்டணத்துடன், "இந்தத் தேதியில் கொடுத்த மனு இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

"நிதி இல்லை" என்ற பதில் வந்தால் நினைவுகூரத்தக்க வழக்கு ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் திறந்த சாக்கடையால் அவதிப்பட்ட மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சுகாதாரக் கடமையிலிருந்து நகராட்சி தப்பிக்க நிதிப் பற்றாக்குறை காரணமாகாது என்று 1980இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு தீர்ப்பளித்தது. கால்வாய், கழிப்பிடம் என்று செய்ய வேண்டிய வேலைகளைப் பெயர் சொல்லி, கால வரம்பும் விதித்தது. அன்று அம்மக்கள் பயன்படுத்திய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 133, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக உள்ளது.

வேலை முடிந்ததாகப் பதில் வந்தால், அடைப்புக்கு மேல்பக்கம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். அது சிலாப்பைத் தாண்டித் தடையின்றி ஓடினால் மனு நிறைவேறியது. தேங்கினால், பழைய மனுவின் தேதியையும் ஒப்புகை எண்ணையும் முதல் வரியில் குறிப்பிட்டு நினைவூட்டு மனு எழுத வேண்டும்.