எண்ணி வைத்த ஐந்து சீட்டுகள்

ஒரு தரவுத்தளம் ஒரே சமயத்தில் ஐந்து இணைப்புகளுக்குமேல் தர இயலாது என்று நிர்ணயித்திருக்க, அதை நாடிவரும் நிரலிலோ எட்டு இழைகள் ஒன்றையொன்று அறியாமல் ஏககாலத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எந்த ஐந்து உள்ளே போகலாம், எந்த மூன்று காத்திருக்க வேண்டும் என்பதை இழைகள் தமக்குள் கலந்து பேசித் தீர்மானிக்க வழியில்லை. வாயிலில் ஐந்து சீட்டுகளை எண்ணி வைத்துவிட்டு, ஒன்றை எடுத்தவரே உள்ளே நுழையலாம், வெளியேறும்போது அதைத் திருப்பி வைக்க வேண்டும் என்று விதித்துவிட்டால் காரியம் முடிந்தது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் செமாபோர் என்று பெயர்.

1960களின் முற்பகுதியில் இதை வகுத்தவர் நெதர்லாந்து தேசத்துக் கணினி மேதை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரோலாஜிக்கா எக்ஸ் 8 என்னும் இயந்திரத்துக்காகத் தாமும் சகாக்களும் அமைத்த இயங்குதளத்தைப் பற்றி அவர் 1968-இல் வெளியிட்ட கட்டுரையில், செமாபோரை ஒரு முழு எண்ணாகவும், பி, வி என்னும் இரண்டே செய்கைகளாகவும் சுருக்கி வரையறுத்தார். இன்றைய மொழிகளில் இவை `acquire`, `release` என்று வழங்குகின்றன.

முதற்செய்கை எண்ணில் ஒன்றைக் குறைக்கிறது. விளைவு பூஜ்யத்துக்குக் கீழே போனால், வந்த இழை வரிசையில் உறங்க வைக்கப்படுகிறது. நம் எட்டு இழைகளும் வந்து சேரும்போது ஐந்து என்ற எண் படிப்படியாகக் குறைந்து −3 ஆகிறது. அந்த மூன்றே காத்திருப்போரின் தொகையாகவும் அமைந்துவிடுவது டைக்ஸ்ட்ராவின் கணக்கில் ஓர் அழகு. உள்ளிருக்கும் இழை ஒன்று வெளியேறியதும் எண் −2 ஆக உயர, உறங்குவனவற்றில் ஒன்று எழுப்பப்படுகிறது. எண்ணைக் குறைப்பதும் பரிசோதிப்பதும் பிளவுபடாத ஒரே செய்கையாக நிகழ வேண்டும் என்பது இதில் மிக அவசியமான நிபந்தனை; இல்லையேல் எஞ்சிய ஒரே சீட்டை இரண்டு இழைகள் ஒருசேரக் கண்டு, இரண்டுமே உள்ளே புகுந்துவிடும்.

ஆனால் செமாபோர் எண்ணை மாத்திரமே அறியும். சீட்டை எடுத்தவர் யார் என்பதை அது அறியாது. அபாயங்களெல்லாம் இங்கிருந்தே பிறக்கின்றன. சீட்டெடுத்து உள்ளே சென்ற இழை, வினவலின் நடுவே பிழை ஏற்பட்டு, `release` என்ற வரியை எட்டாமலே வெளியே வீசப்பட்டால் அந்தச் சீட்டு திரும்பி வராது. ஐந்து என்று நாம் நம்பியிருக்கும் கொள்ளளவு சப்தமின்றி நான்காகிறது. இப்படி ஐந்து பிழைகள் நேர்ந்தபின் எல்லாமே நின்றுவிடுகின்றன. பிழைச்செய்தி எதுவும் வராது, கணினியோ வேலையின்றிச் சும்மா இருக்கும். நிரலை மறுபடி துவக்கினால் சில காலம் சரியாக ஓடி, பின்னர் மீண்டும் உறையும்.

தரவுத்தளம் மந்தமாகிவிட்டதா, சீட்டுகள் தொலைந்தனவா என்பதைப் பிரித்தறிய நிச்சயமான சோதனை ஒன்று உண்டு. உறைந்த நிலையில் ஒவ்வோர் இழையும் எந்த வரியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வினவலுக்குள் ஐந்து இழைகள் நின்றால் குற்றம் தரவுத்தளத்துடையது. எல்லா இழைகளும் `acquire` வாயிலிலேயே நிற்க, உள்ளே ஒருவருமில்லை என்றால் சீட்டுகள் தொலைந்துவிட்டன என்று தயங்காமல் சொல்லலாம். பைத்தான் மொழியில் இதற்குப் பரிகாரம், திருப்பி வைக்கும் பொறுப்பை மொழியிடமே ஒப்படைப்பது:

```python
permits = threading.BoundedSemaphore(5)

with permits:
    run_query()
```

பிழை நேர்ந்தாலும் நேராவிட்டாலும் `with` என்னும் அமைப்பை விட்டு நீங்குகையில் சீட்டு தவறாது திரும்பும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. இரண்டு விநாடி மட்டும் காத்திருப்பேன் என்று `acquire(timeout=2)` எழுதியவர், அது தோல்வியுற்று `False` என்று விடை தந்ததைக் கவனியாமல் இறுதியில் `release` செய்துவிட்டால், எடுக்காத சீட்டு ஒன்று திருப்பி வைக்கப்படுகிறது. சாதாரண செமாபோர் இதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளும். பிறகு ஆறாவது இழையும் உள்ளே நுழைய, தரவுத்தளம் அதை நிராகரிக்கும். மேலே நாம் எடுத்தாண்ட `BoundedSemaphore`, எண் ஐந்தைத் தாண்டும் கணத்தில் `ValueError` எழுப்பித் தடுக்கிறது.

இந்தக் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று சீட்டுகள் வெளியே இருக்கும் சமயத்தில் அந்தத் தவறான `release` நிகழ்ந்தால், எண் இரண்டிலிருந்து மூன்றாவதோடு சரி, ஆட்சேபமே எழாது. பின்னர் அனைவரும் முறையாகத் திருப்பித் தரும்போது, கடைசியாக வந்த, எந்தக் குற்றமும் செய்யாத இழையின்மீதே `ValueError` விழும். ஆகையால் அந்தச் செய்தி சுட்டும் வரியை மட்டும் ஆராய்வதில் பயனில்லை. நிரலிலுள்ள `release` ஒவ்வொன்றுக்கும் வெற்றிபெற்ற ஓர் `acquire` முன்னே இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.