53 × 47 எவ்வளவு? மனை பார்க்கப் போகும் முன் தெரிந்துகொள்ள ஒரு மனக்கணக்கு

திண்டுக்கல்லில் பழனி ரோடு பக்கமோ நத்தம் ரோடு பக்கமோ மனை பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "சார், 53-க்கு 47. கிட்டத்தட்ட ஆறு சென்ட் வரும்" என்கிறார் புரோக்கர். மொத்தம் எத்தனை சதுர அடி? போனை எடுக்காமலே சொல்லிவிடலாம்: 2,491.

எப்படி?

53-க்கும் 47-க்கும் நடுவில் இருக்கும் எண் 50. இரண்டுமே அதிலிருந்து 3 தள்ளி இருக்கின்றன. 50-ஐ 50-ஆல் பெருக்கினால் 2,500. மூணு மூணா ஒன்பது. 2,500-லிருந்து 9-ஐக் கழித்தால் 2,491. அவ்வளவுதான்.

பள்ளியில் படித்த (a + b)(a − b) = a² − b² என்ற சூத்திரம்தான் இது. இங்கே a என்பது 50, b என்பது 3. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், இந்த மனை சுமார் 5.72 சென்ட். ஆறு சென்ட் என்றால் 2,613 சதுர அடிக்கு மேல் இருக்க வேண்டும். "கிட்டத்தட்ட" என்ற வார்த்தைக்குள் 120 சதுர அடிக்கு மேல் ஒளிந்திருக்கிறது.

ஏன் 9 குறைகிறது?

50-க்கு 50 சதுரமான மனை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு ஓரத்தில் 3 அடி அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டுங்கள். மிச்சம் 50-க்கு 47. வெட்டிய பட்டையின் நீளம் 50 அடி. அதைத் திருப்பி, 47 அடி இருக்கும் பக்கத்தோடு ஒட்டுங்கள். இப்போது மனை 53-க்கு 47 ஆகிவிட்டது. ஆனால் பட்டை 50 அடி, ஒட்டிய பக்கமோ 47 அடி. 3-க்கு 3 அளவில் ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் துண்டுதான் நாம் கழிக்கும் 9.

இதில் இன்னொரு விஷயமும் தெரிகிறது. 50-க்கு 50, 53-க்கு 47, 60-க்கு 40, 70-க்கு 30 என எந்த மனையாக இருந்தாலும் சுற்றளவு 200 அடிதான். வேலி போட ஒரே செலவு. ஆனால் 60-க்கு 40-இல் 100 சதுர அடியும், 70-க்கு 30-இல் 400 சதுர அடியும் சதுர மனையைவிடக் குறைவு. "சுத்தி அளந்தா அதே அளவுதான்" என்று யாராவது சொன்னால், நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பாருங்கள்.

எங்கே தப்பு வரும்?

பலரும் செய்யும் தவறு, இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசமான 6-ஐ அப்படியே எடுத்து 36-ஐக் கழிப்பது. எடுக்க வேண்டியது அதில் பாதி. சரிபார்க்க ஒரு சுலப வழி உண்டு. கடைசி இலக்கங்களை மட்டும் பெருக்குங்கள்: 3 × 7 = 21. எனவே விடை 1-இல் முடிய வேண்டும். 2,464 என்று வந்தால் எங்கோ தப்பு.

53 × 46 என்றால்? நடு எண் 49.5 என்று அரையில் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு போராட வேண்டாம். 53 × 47-ஐக் கண்டுபிடித்து, ஒரு 53-ஐக் கழித்தால் போதும்: 2,438.

83 × 17-க்கும் நடு எண் 50-தான். ஆனால் 33-இன் வர்க்கம் தெரிய வேண்டும். அதற்கு நேரடியாகப் பெருக்குவதே மேல். நடு எண் முழுப் பத்தாகவும், இடைவெளி சிறியதாகவும் இருந்தால்தான் இந்த வழி வேகம்.

திருப்பியும் போடலாம்

நடு எண்ணின் வர்க்கம் தெரியாவிட்டால் இதே சூத்திரத்தைத் திருப்பிப் போடலாம். 52-இன் வர்க்கம் வேண்டுமா? 2 கூட்டி 54, 2 குறைத்து 50. இரண்டையும் பெருக்கினால் 2,700. அதோடு 2-இன் வர்க்கமான 4-ஐக் கூட்டினால் 2,704. 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் எழுதிய 'லீலாவதி' நூலிலேயே வர்க்கம் காண இந்த வழி இருக்கிறது. இப்போது 58 × 46-ம் சுலபம்: 2,704-லிருந்து 36 போக 2,668.

ஒரே ஒரு எச்சரிக்கை. நீளத்தை அகலத்தால் பெருக்குவது, நான்கு மூலையும் செங்கோணமாக இருக்கும் மனைக்குத்தான் பொருந்தும். மூலை சாய்ந்திருந்தால், இப்படி வரும் விடை உண்மையான பரப்பைவிட அதிகமாகவே காட்டும். எதிரெதிர் பக்கங்கள் சமமாக இருந்தாலும், இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். அவை சமமாக இல்லை என்றால், பத்திரத்தில் உள்ள பரப்பை சர்வேயரை வைத்து அளந்த பிறகே விலை பேசுங்கள்.