இரண்டு நிமிடத்தில் ஒரு நோயாளி: ரவுண்ட்ஸில் டயட்டீஷியன் சொல்ல வேண்டியது

ரவுண்ட்ஸில் டயட்டீஷியனுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதில் ஒன்றரை நிமிடத்தை, நோயாளி காலையில் என்ன சாப்பிட்டார், ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று சொல்வதிலேயே தீர்த்துவிடுவேன். கடைசியில் அவசரமாக "ஹை கலோரி, ஹை புரோட்டீன் டயட் சார்" என்று முடிப்பேன். அதற்குள் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார். அந்தக் கடைசி வரி சில நோயாளிகளுக்கு எவ்வளவு ஆபத்தானது என்று பிறகுதான் புரிந்தது.

பல நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து ஒரு மாதிரி கேஸ் எடுத்துக்கொள்வோம். திருக்காட்டுப்பள்ளி பக்கத்து விவசாயக் கூலி, வயது 46. சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகியிருக்கிறது. உயரம் 164 செ.மீ., எடை 36 கிலோ. பி.எம்.ஐ. 13.4. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' பி.எம்.ஐ. 14-ம் அதற்குக் கீழும் இருந்தாலே உயிராபத்துள்ள நோயாளி என்று பிரித்து, வார்டில் சேர்க்கச் சொல்கிறது. இவர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்.

இவருக்கு முதல் நாளே வயிறு நிறையக் கொடுத்தால் என்ன ஆகும்? பட்டினி கிடந்த உடம்புக்குள் மாவுச்சத்து திடீரென்று போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். சில நாளில் மூச்சுத் தசை தளரலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இதுதான் ரீஃபீடிங் சின்ட்ரோம். இரண்டு நிமிடத்தில் டாக்டர் காதில் விழ வேண்டிய முக்கியமான சேதி இதுதான்.

நான் சொல்வது இப்படி இருக்கும்:

"சார், ஆறாவது பெட். ரீஃபீடிங் ரிஸ்க் அதிகம், உங்ககிட்ட மூணு ஆர்டர் வேணும்.

வெயிட் 36, பி.எம்.ஐ. 13.4. ஆறு மாசம் முன்னாடி 45 கிலோ இருந்தார், 20 சதவீதம் குறைஞ்சிருக்கு. பன்னிரண்டு நாளா மூணு டம்ளர் நீர்த்த கஞ்சிதான், சுமார் 270 கலோரி. இன்னைக்கு பாஸ்பேட் 2.3, பொட்டாசியம் 3.3. கால்ல வீக்கம் இல்ல.

நியூட்ரிஷன் டயக்னோசிஸ்: கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. காரணம், பசியின்மையும் இருமலும் சேர்ந்து சாப்பாடு குறைஞ்சது. ஆதாரம், பி.எம்.ஐ., எடை இழப்பு, இப்ப சொன்ன கலோரி.

பிளான்: இன்னைக்கு கிலோவுக்கு 10 கலோரி, மொத்தம் 360. சர்க்கரை இல்லாத பாலும் பருப்புக் கஞ்சியும் மாத்தி மாத்தி, ஆறு வேளை. நாளைக்கு 540, அதுக்கடுத்த நாள் 720. ஏழாம் நாள் 1,260. பாஸ்பேட் இறங்கினா ஏத்த மாட்டேன்.

வேண்டிய ஆர்டர்: முதல் வேளைக்கு முன்னாடி தயமின், பாஸ்பேட்-பொட்டாசியம்-மெக்னீசியம் தினமும் பார்த்துக் குறைஞ்சதை ஈடு பண்றது, டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பை நிறுத்த முடியுமான்னு பார்க்கிறது."

இதில் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். முதலாவது, கேட்க வேண்டியதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். முப்பது விநாடியில் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டாலும் சேதி போய்ச் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது, டயக்னோசிஸ் இடத்தில் 'காசநோய்' என்று சொல்லவில்லை. அது டாக்டரின் டயக்னோசிஸ். நம்முடையது பிரச்சினை, காரணம், ஆதாரம் என்ற மூன்று துண்டு. காரணம் நம்மால் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஆதாரம் நாளைக்குத் திரும்ப அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆதாரத்தை அளக்க முடியவில்லை என்றால் பிளான் வேலை செய்ததா என்று நமக்கே தெரியாது.

மூன்றாவது, பிளானில் உணவின் பெயரும் அளவும் இருக்கிறது. எப்போது நிறுத்துவேன் என்பதும் இருக்கிறது. 'ஹை கலோரி' என்று மட்டும் எழுதினால் அன்று சாயங்காலமே யாராவது 1,500 கலோரி கொடுத்துவிடலாம். டிரிப்பைச் சேர்த்ததும் அதனால்தான். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லிட்டரில் 50 கிராம் குளுக்கோஸ், ஏறக்குறைய 170 கலோரி. நம் 360-க்குப் பாதி அதிலேயே போய்விடும்.

ஸ்கிரிப்டில் வராத ஒரு வேலையும் உண்டு. ரவுண்ட்ஸ் முடிந்ததும் கூட இருக்கும் அம்மாவிடம், "இப்ப குளுக்கோஸ் பவுடர், ஹார்லிக்ஸ் எதுவும் கரைச்சுக் குடுக்காதீங்கம்மா, நாங்க குடுக்கறது மட்டும் போதும். ஒரு வாரத்துல நல்லா சாப்பிடலாம்"னு சொல்லணும். பட்டினி கிடந்த பிள்ளைக்குக் கொஞ்சமாகக் கொடுக்கிறார்களே என்று அவருக்கு மனசு கேட்காது. காரணத்தைச் சொல்லாமல் வந்தால் தலையணைக்கடியில் பொட்டலம் இருக்கும்.

மூன்றாம் நாள் பாஸ்பேட் 1.9 என்று வந்தால் அன்றைய ரவுண்ட்ஸுக்குப் பத்து விநாடி போதும்: "ஆறாவது பெட், பாஸ்பேட் 1.9, கலோரியை ஏத்தாம 540-லயே நிறுத்தியிருக்கேன், பாஸ்பேட் குடுக்கணும் சார்." முதல் நாள் சரியாகச் சொல்லியிருந்தால், இதற்கு யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.