மஞ்சள் கறையும் மூலை விரிசலும்

அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். டைல்ஸ் பளபளவென்று இருக்கும். நடுவே ஓடும் கோடு மட்டும் மஞ்சளாகிக் கிடக்கும். தெறித்த குழம்பை உடனே துடைத்த வீடுகளிலும் இதே கதைதான்.

அந்தக் கோட்டில் இருப்பது சிமெண்ட் கிரவுட். குழைக்கச் சேர்த்த தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாகும். மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரையும். எண்ணெயோடு சேர்ந்து துளைக்குள் இறங்கிவிட்டால் மேலே தேய்த்து என்ன பயன்? ஆசிட் ஊற்றினால் கறையோடு சிமெண்டும் கரைந்து, துளைகள் பெரிதாகும். அடுத்த கறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

எபாக்சி கிரவுட்டில் தண்ணீரே கிடையாது. பிசின், அதை இறுக்கும் ஹார்டனர், நிறப்பொடி மூன்றும் கலந்து வேதிவினையால் கெட்டியாகிறது. துளை இல்லாததால் குழம்பு மேலேயே நிற்கும், துடைத்தால் போய்விடும். விலை சிமெண்ட் கிரவுட்டைப்போலப் பல மடங்கு. கைப்பக்குவமும் வேண்டும்: பாக்கெட்டில் உள்ள அளவை மாற்றக் கூடாது, வெயில் காலத்தில் வேகமாக இறுகுவதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். டைல்ஸ் மேல் படிந்த பசையை அப்போதே துடைக்காவிட்டால், மறுநாள் மங்கலான படலமாக ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

விரிசல் வேறு நோய். எங்கள் வீட்டுக் குளியலறைத் தரையில் ஒரே கோடு இரண்டு முறை வெடித்தது. இரண்டு முறையும் சிமெண்டை அப்பிவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக வந்த மேஸ்திரி நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பார்த்தார். மற்றவை ‘டக்’ என்றன; அந்தக் கோட்டின் இருபுறமும் இருந்த இரண்டு மட்டும் ‘டொக் டொக்’ என்று பொள்ளலாக ஒலித்தன. “அடியில கலவை பிடிக்கலைங்க சார். மிதிக்க மிதிக்க ஆடுது, எதப் போட்டாலும் வெடிக்கும்” என்றார். இரண்டையும் பெயர்த்து மறுபடி பதித்த பிறகு சாதாரண சிமெண்ட் கிரவுட்டே நின்றுவிட்டது.

சுவரும் தரையும் சேரும் மூலை இன்னொரு இடம். இரண்டும் தனித்தனியே அசைவதால் அங்கே சிமெண்டும் சரி, எபாக்சியும் சரி, விட்டுப்போகலாம். இழுபடும் சிலிக்கான் சீலன்ட்தான் அங்கே சரி. மற்ற இடங்களில் முடிபோன்ற மெல்லிய விரிசல் தெரிந்தால், பெரும்பாலும் கலவையில் தண்ணீர் கூடியிருக்கும்.

என் கணக்கு இது: அடுப்புக்குப் பின்சுவருக்கும் குளியலறைத் தரைக்கும் எபாக்சி, சமையலறையின் மற்றச் சுவர்களுக்குச் சிமெண்டே போதும், காய்ந்த பின் சீலர் ஒரு கை அடித்தால் நல்லது. ஆனால் தரைக்கு அடியில் தண்ணீர்க்காப்புப் பூச்சு இல்லையென்றால், கீழ்வீட்டுக் கசிவை நிறுத்த எபாக்சியை மட்டும் நம்ப வேண்டாம்.

எதைப் போட்டாலும் பழைய கோட்டின் மேலேயே பூச விடாதீர்கள். டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்காவது சுரண்டி, தூசி தட்டி, நன்றாகக் காயவிட்ட பிறகே நிரப்பச் சொல்லுங்கள்.