மூச்சுத்திணறும் கோழி: நோயறியும் முறை

குமாரலிங்கபுரம் போன்ற கரிசற்காட்டுச் சிற்றூர்களில் கோழிகள் பகலெல்லாம் தெருவிலும் குப்பைமேட்டிலும் மேய்ந்து, மாலையில் பஞ்சாரத்தை அடைகின்றன. ஒரு வீட்டுக் கோழியின் நோய் அடுத்த வீட்டை எட்டுவதற்கு இத்தகைய மேய்ச்சலே போதும். மூச்சுத்திணறலை மட்டும் கண்டு நோயின் பெயரைக் கூறிவிட இயலாது; நச்சுயிரியால் வரும் நோய்கள் பலவற்றுக்கும் அது பொது அறிகுறியாகும்.

பத்துக் கோழிகள் உள்ள ஒரு வீட்டைக் கருதுவோம். முதல் நாள் இரண்டு கோழிகள் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு விடுகின்றன. மறுநாள் பசுமை கலந்த வெண்ணிறக் கழிச்சல் தோன்றுகிறது. நான்காம் நாளுக்குள் ஐந்து இறக்கின்றன. உயிரோடு எஞ்சிய ஒன்றின் கழுத்து முறுக்கிக்கொள்கிறது. மூச்சு, குடல், நரம்பு ஆகிய மூன்றும் ஒருங்கே தாக்கப்படின், முதலில் ஐயுற வேண்டியது வெள்ளைக்கழிச்சல் நோயையே. 1920களின் பிற்பகுதியில் குமாவோன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கேத்தில் கண்டறியப்பட்டமையால், இந்தியாவில் இதற்கு இராணிக்கேத் நோய் என்னும் பெயரும் வழங்குகிறது.

கூறாய்வு இவ்வையத்தை வலுப்படுத்தும். அரைவைப்பைக்கு முன்னுள்ள சுரப்பி இரைப்பையைப் பிளந்து கழுவினால், உட்புறச் சுரப்பிகளின் நுனிகளில் ஊசி முனையளவு இரத்தப் புள்ளிகள் தெரியும். குடலில் பொத்தான் வடிவப் புண்களும் காணப்படலாம். எனினும் இறந்து சில மணி நேரத்திற்குள் ஆய்வு செய்யப்பட வேண்டும். நம் வட்டார வெயிலில் கிடந்த உடலில் குடல் பசுமையாகி அழுகத் தொடங்கும். அதனை நோயின் அடையாளமாகக் கருதுவது பெரும்பிழை.

கழிச்சலும் நரம்புக் கோளாறும் இன்றி, கோழி இருமி இரத்தம் கலந்த சளியைச் சுவரில் தெறித்திருப்பின் கதை வேறு. மூச்சுக்குழலை நீளவாக்கில் பிளந்தால் இரத்தக்கட்டியோ, பாலாடைக்கட்டி போன்ற அடைப்போ இருக்கும். சுரப்பி இரைப்பை தூய்மையாகவே காணப்படும். இது தொற்றுக் குரல்வளை–மூச்சுக்குழல் அழற்சி. வாயினுள் ஒட்டிய மஞ்சள் படலத்தை உரித்தால் இரத்தம் கசியுமாயின் கோழியம்மை எனலாம். தொற்று மூச்சுநுண்குழல் அழற்சியோ விரைந்து பரவினும் வளர்ந்த கோழிகளை அரிதாகவே கொல்லும்; உருமாறிய, தோல் மெலிந்த முட்டைகளே அதனைக் காட்டிக்கொடுக்கும்.

ஓர் எல்லையை இங்கு மறத்தலாகாது. பறவைக்காய்ச்சலிலும் சுரப்பி இரைப்பையில் அதே இரத்தப் புள்ளிகள் தோன்றும். கொண்டை நீலம் பாரித்தல், முகவீக்கம், கால் செதில்களில் இரத்தக்கசிவு, ஒரே இரவில் பல இறப்புகள் ஆகியன சேர்ந்து வரின், வீட்டில் கோழியை அறுத்துப் பார்க்கலாகாது. அந்நச்சுயிரி மனிதரையும் தாக்கக்கூடியது. உடலைத் தொடாமல் கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். கூறாய்வை அவரே தக்க பாதுகாப்புடன் முடிவு செய்வார். அவர் அனுப்பும் மாதிரிகளைப் போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வு நிறுவனம் சோதித்து உறுதிசெய்யும்.