இரண்டு தடவை நேராக, மூன்றாவது கோணலாக

ரீல்ஸில் பதினைந்து வினாடிக்குள் சிரிக்கவைக்க ஒரு பழைய வழி உண்டு: இரண்டு முறை ஒரே மாதிரி நடக்க வேண்டும், மூன்றாவது முறை அது உடைய வேண்டும். ஒன்று வெறும் நிகழ்வு. இரண்டாவதில்தான் பார்ப்பவர் மனதில் 'இப்படித்தான் போகும்' என்ற எதிர்பார்ப்பு உருவாகிறது.

ஊருக்குக் கிளம்பும் தம்பதி, வாசலில் நிற்கிறார்கள்.

"ஏங்க, கேஸை அணைச்சீங்களா?"

"அணைச்சாச்சு."

"மோட்டாரை நிறுத்தினீங்களா?"

"நிறுத்தியாச்சு."

"கதவைப் பூட்டினீங்களா?"

"பூட்டியாச்சு."

உள்ளிருந்து கதவு தட்டும் சத்தம். "டேய், நான் உள்ளே இருக்கேன்டா!" அம்மாவின் குரல்.

முதல் கேள்வி பதிலுக்கு நான்கு வினாடி. இரண்டாவதற்கு மூன்று போதும், பாணி புரிந்துவிட்டது. மூன்றாவதும் அதே தொனியில், அதே கேமரா கோணத்தில் வர வேண்டும். கணவர் முன்கூட்டியே புன்னகைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பதிலுக்குப் பின் ஒரு வினாடி மௌனம், பிறகு குரல். கணவரின் விழித்த முகத்தோடு வெட்டிவிட வேண்டும். அதற்குமேல் ஒரு வசனம் வந்தாலும் சிரிப்பு வடிந்துவிடும்.

சோதிக்க, இரண்டாவது பதிலோடு நிறுத்தி நண்பரிடம் காட்டுங்கள். 'பூட்டியாச்சு' வரை ஊகித்தால் சரி. அம்மாவையும் ஊகித்துவிட்டால், முடிவை மாற்றுங்கள்.