முதலில் கால், பிறகு கை

வலைப்பந்தாட்டத்தை முதன்முதலாகப் பழகும் வகுப்பில் பந்தைக் கொடுத்ததும் பிள்ளைகளின் கண் நேரே வளையத்துக்குத்தான் போகும். எல்லோருக்கும் கோல் போட ஆசை. ஆனால் புதியவர்கள் பந்தை இழப்பது பெரும்பாலும் குறி தவறியதால் அல்ல. எறிவதற்கு முன்பே நடுவர் விசில் ஊதிவிடுவார். காரணம், இலங்கைப் பாடசாலை மைதானங்களில் ‘ஸ்டெப்பிங்’ என்று சொல்லப்படும் கால் தவறு. ஆகவே பாடத்தைக் காலிலிருந்து தொடங்குவதே நல்லது.

கூடைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடலாம். வலைப்பந்தில் அதற்கு இடமில்லை. பந்து கைக்கு வந்தபின் 3 விநாடிக்குள் அதை எறிந்துவிட வேண்டும். பந்தைப் பிடித்து இறங்கும்போது எந்தக் கால் முதலில் நிலத்தில் படுகிறதோ, அதுவே ஊன்றுகால். மற்றக் காலை எந்தப் பக்கமும் எத்தனை முறையும் எடுத்து வைக்கலாம். ஊன்றுகாலை அச்சாக வைத்துச் சுழலலாம். ஊன்றுகாலைத் தூக்கவும் செய்யலாம். ஆனால் அது மறுபடி நிலத்தைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அந்தக் காலை இழுப்பதும், அதனால் நொண்டியடிப்பதும் தவறு. இரண்டு காலும் ஒரே நேரத்தில் பட்டால், எதை ஊன்றுகாலாக வைப்பது என்பது ஆடுபவரின் விருப்பம்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து பார்க்கவைப்பது சுலபம். முதலில் பந்தே வேண்டாம். பிள்ளைகள் ஓடிவர, ஆசிரியர் கைதட்டியதும் துள்ளி இறங்கி அப்படியே நிற்க வேண்டும்.

“பிள்ளை, முதல்ல எந்தக் கால் பட்டது?”

“வலது, டீச்சர்.”

“அப்ப அதை அசைக்காம மற்றப் பக்கம் திரும்பு.”

மணல் தரையென்றால் தடமே சாட்சி. சரியாகச் சுழன்ற கால் ஒரு வட்டக் குழியை விட்டிருக்கும். இழுபட்ட கால் நீளக் கோடு போட்டிருக்கும்.

இனிப் பந்தோடு ஒரு சந்தர்ப்பத்தைப் பார்ப்போம். கோல் ஷூட்டர் கோல் வட்டத்துக்குள் கம்பத்துக்கு முதுகு காட்டியபடி பந்தைப் பிடிக்கிறார். வலது கால் முதலில் பட்டது, இடது கால் பின்னர். வலது காலில் சுழன்று, இடது காலை எடுத்துவைத்துக் கம்பத்தைப் பார்க்கிறார். இதுவரை சரி. இப்போது கால்கள் முன்னும் பின்னுமாக அகன்று நிற்கின்றன. எறிய வசதியாக வலது காலை முன்னே கொண்டுவந்து இடது காலோடு சேர்த்து வைக்கிறார். உடனே விசில்! ஊன்றுகால் தூக்கப்பட்டு, பந்து கையில் இருக்கும்போதே மறுபடி நிலத்தைத் தொட்டுவிட்டது. எதிரணிக்கு ஃப்ரீ பாஸ். இதற்குத் திருத்தம் ஒன்றே: இடது காலை வலது காலிடம் கொண்டுவர வேண்டும், வலதை இடதிடம் அல்ல. கம்பத்துக்கான தூரம் ஓரடி கூடினாலும் பரவாயில்லை.

கால்கள் தோள் அகலத்தில் அமைந்தபின்தான் எறிதல். பந்து தலைக்கு மேலே, விரித்த விரல்களின் மீது இருக்க வேண்டும். மற்றக் கை பக்கவாட்டில் தாங்கினால் போதும். முழங்கை வளையத்தை நோக்கியிருக்க, முழங்கால் மடங்கி நிமிரும்போது பந்து மேலெழ, கடைசியில் மணிக்கட்டுச் சுண்ட வேண்டும்.

பந்து உயரமாக வளைந்து போக வேண்டியதற்குக் கணக்கு இருக்கிறது. வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் உள்விட்டம் 38 சென்ரிமீற்றர், பந்தின் விட்டம் ஏறத்தாழ 22. பந்து 60 பாகைச் சரிவில் இறங்கினால், அது வரும் திசையில் வளையத்தின் திறப்பு 33 சென்ரிமீற்றராக இருக்கும். 30 பாகையில் தட்டையாக வந்தாலோ திறப்பு வெறும் 19. பந்தை விடச் சிறியது. கூடைப்பந்தைப் போலப் பின்னால் பலகையும் இல்லாததால், தட்டையாகப் போன பந்து திரும்பி வந்து விழ வழியில்லை.

பிழையைப் பந்தே காட்டிக்கொடுக்கும். வளையத்தை எட்டாமல் விழுந்தால் முழங்கால் மடங்கவில்லை. பக்கவாட்டில் விலகினால் முழங்கை வெளியே போயிருக்கும், அல்லது தாங்கும் கை பந்தைத் தள்ளியிருக்கும். வளையத்தின் முன்விளிம்பில் அடித்தால் பந்து தட்டையாகப் போயிருக்கும். ஒரு தடவைக்கு ஒரு பிழையை மட்டும் திருத்தினால் போதும்.

யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் போல 6 அடி 10 அங்குல உயரம் எல்லோருக்கும் வாய்க்காது. அதனால் சிறு பிள்ளைகளுக்கு வளையத்தை இறக்கி, கம்பத்திலிருந்து ஓரெட்டுத் தூரத்தில் தொடங்கலாம். அங்கிருந்து பத்தில் ஏழெட்டு விழத் தொடங்கியபின் பின்னே நகர்த்தலாம். தடுப்பவரைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். அவர் ஷூட்டரின் ஊன்றுகாலிலிருந்து 0.9 மீற்றர் தள்ளி நின்றுதான் கையை உயர்த்தலாம். அந்தக் கை உயர்ந்ததும் பிள்ளை ஊன்றுகாலை அசைத்தால், தடுப்பவரை விலக்கிவிட்டு மறுபடி காலிலிருந்தே தொடங்க வேண்டும்.